போர்ட்டுக்குள் சிக்கிக்கொண்ட பென் டிரைவ் மூக்கு

லேப்டாப்பில் செருகியிருந்த பென் டிரைவ் மேசை விளிம்பில் இடித்துவிடுகிறது. பதறிப்போய் இழுத்தால், சில்லு பதித்த சிறு பலகை மட்டும் கையோடு வருகிறது. அதைச் சுற்றியிருந்த உலோக உறை போர்ட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மலிவு விலை பென் டிரைவ்களிலும் கட்டைவிரல் நகம் அளவுள்ள வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்களிலும் இது அடிக்கடி நடக்கும்.

கையில் வந்த பலகையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கோப்புகள் எல்லாம் அதிலுள்ள சில்லில்தான் இருக்கின்றன. உறை வெறும் தகடு.

அந்தத் தகடு ஏன் இவ்வளவு இறுக்கமாக நிற்கிறது? பழைய செவ்வக வடிவ யூஎஸ்பி பிளக்கைக் கவனித்தால், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சதுர ஓட்டைகள் தெரியும். போர்ட்டின் மேல்தகட்டிலும் கீழ்தகட்டிலும் வளைந்த ஸ்பிரிங் நாக்குகள் உண்டு. பிளக் உள்ளே போனதும் அவை அந்த ஓட்டைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடியைத் தளர்த்தாமல் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் போர்ட்டுக்குத்தான் சேதம்.

முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. லேப்டாப்பை ஸ்லீப்பில் விட்டால் போதாது. முழுவதுமாக ஷட் டவுன் செய்து சார்ஜரையும் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகும் சில லேப்டாப்களில், போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கென்று விடப்பட்ட போர்ட்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றிவிடலாம். உள்ளே பொருத்திய பேட்டரி என்றால், பின்மூடியைத் திறந்து அதன் இணைப்பை விடுவிப்பதே பாதுகாப்பு. 5 வோல்ட் ஆளைத் தாக்காது. ஆனால் போர்ட்டின் உலோகச் சுவர் பூமி இணைப்போடு சேர்ந்தது. ட்வீசரின் முனை அந்தச் சுவரையும் மின்சாரம் உள்ள ஊசியையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகி, மதர்போர்டு வரை பாதிப்பு போகலாம்.

அடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். போர்ட்டுக்குள் ஒரு பாதியில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு நீண்டிருக்கும். செம்புநிற அல்லது பொன்னிறத் தொடுபுள்ளிகள் அதன்மேல்தான் இருக்கின்றன. அதைத் தொடாமல் வேலையை முடிக்க வேண்டும். ஆகவே கருவி போக வேண்டிய இடம், நாக்குக்கு எதிர்ப்பக்கம் உள்ள இடைவெளி.

உறையின் விளிம்பு வெளியே தெரிந்தால் வேலை சுலபம். குளிர்பான டின்னிலிருந்து விரலைக் கிழிக்காதபடி கவனமாக இரண்டு மெல்லிய பட்டைகளை வெட்டிக்கொள்ளலாம். சிக்கிய உறைக்கும் போர்ட்டின் சுவருக்கும் நடுவே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மெதுவாக நுழைக்க வேண்டும். பட்டைகள் ஸ்பிரிங்குகளை ஓட்டையிலிருந்து தூக்கிவிடும். பிறகு கூர்முனை ட்வீசரால் விளிம்பைப் பிடித்து நேராக இழுக்கலாம். அசைக்க வேண்டியிருந்தால் இடவலமாக மட்டும், அதுவும் இம்மியளவு. மேலும் கீழும் நெம்பினால் பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிடும்.

விளிம்பு உள்ளடங்கிப் போயிருந்தால், முனை வளைந்த ஊசியை நாக்கில்லாத பக்கமாக உள்ளே விட்டு, உறையின் சதுர ஓட்டையில் மாட்டி இழுக்கலாம். சூப்பர் க்ளூ தடவி ஒட்டி இழுப்பது ஆபத்தான வழி. அந்தத் திரவம் தொடுபுள்ளிகளின் மேல் பரவி உலர்ந்தால் போர்ட்டே பயனற்றுப் போகும்.

உறை வந்த பின்பும் உடனே ஆன் செய்யக் கூடாது. தொடுபுள்ளிகள் எல்லாம் வளையாமல் வரிசையாக இருக்கின்றனவா, உலோகத் துணுக்கு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று டார்ச் ஒளியில் பார்க்க வேண்டும். ஆன் செய்தபின் முதலில் ஒரு சாதாரண மவுஸைச் செருகிச் சோதிக்கலாம். "Power surge on the USB port" என்று திரையில் அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் உள்ளே ஏதோ ஒரு ஊசி உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த முறை எல்லாம் செவ்வக யூஎஸ்பிக்குத்தான். இன்றைய போன்களில் உள்ள டைப்-சி போர்ட்டின் நடு நாக்கு 0.7 மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் இரு முகங்களிலும் தொடுபுள்ளிகள் இருப்பதால் கருவி நுழைக்கப் பாதுகாப்பான பக்கம் என்று எதுவும் இல்லை. அதில் உலோகம் சிக்கினால் போனை அணைத்து, சார்ஜரைச் செருகிப் பார்க்காமல், மைக்ரோஸ்கோப் வைத்து வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.