நூறு கட்டங்களில் பதினான்கு

2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் 74 பேர் பெண்கள். கணக்குப் போட்டால் 13.6 சதவீதம். இந்த எண்ணைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறவர்களே அதிகம். இதையே பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என நூறு கட்டங்களாக வரைந்து, பதினான்கை மட்டும் அடர்நிறத்தில் நிரப்பினால் கண் அங்கே நின்றுவிடும். நிறமில்லாத 86 கட்டங்களும் சேர்ந்தே தெரிவதுதான் காரணம். இதை ‘வாஃபிள் சார்ட்’ என்கிறார்கள்.

வட்டப்படத்தில் 14 சதவீதத் துண்டையும் 11 சதவீதத் துண்டையும் தனித்தனியே காட்டினால், எது எதுவென்று சொல்வது கடினம். கட்டங்களை எண்ணிவிடலாம். ஆனால் அதற்கு அவை ஒன்றையொன்று ஒட்டி நிரம்ப வேண்டும். கீழ்வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி நிரப்பினால் ஒரு முழு வரிசை, மேலே நான்கு; பார்த்தவுடன் பதினான்கு. அழகுக்காகப் பதினான்கையும் ஆங்காங்கே தூவினால் வாசகர் விரல் வைத்து எண்ண வேண்டியதுதான். மீதிக் கட்டங்களுக்கு வெளிர்சாம்பல் போதும். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்தால் நிறக்குறை உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியக்கூடும்.

கட்டத்துக்குப் பதிலாக மனித உருவங்களையும் வைக்கலாம். 1925-இல் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நொய்ராத் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. உயரத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும், பரப்பு நான்கு மடங்காகும். இரண்டு மடங்கு வளர்ச்சி நான்கு மடங்காகத் தோன்றும். இன்றைய விளம்பரங்களிலும் இந்தக் கோளாறு தாராளமாகக் கிடைக்கிறது.

மனித உருவத்தில் வேறொரு சிக்கல் உண்டு. நூறு உருவங்களைப் பார்ப்பவர், ஓர் உருவம் ஓர் எம்.பி. என்று நினைத்துவிடுவார். உண்மையில் இங்கே ஓர் உருவம் ஏறக்குறைய ஐந்தரை இடங்களுக்குச் சமம். அதைப் படத்தின் அடியில் எழுதியாக வேண்டும். 13.6-ஐத் துல்லியமாகக் காட்ட பதினான்காவது பெண்ணின் உருவத்தைப் பாதியில் வெட்டுவதும் விகாரமாக இருக்கும். சதுரம் என்றால் ஓரளவு நிரப்பிவிட்டு விடலாம்.

இந்தப் படத்தின் எல்லையும் இதே உதாரணத்தில் தெரிகிறது. 2019-இல் 78 பெண்கள் வென்றனர், அது 14.4 சதவீதம். முழுக் கட்டமாக்கினால் அதுவும் பதினான்குதான். நான்கு பெண்கள் குறைந்த செய்தி நூறு கட்டங்களுக்குள் காணாமல் போய்விடும். ஒரு தேர்தலின் நிலையைச் சொல்ல வாஃபிள் போதும். இரண்டு தேர்தல்களை ஒப்பிட வேண்டுமானால் 78, 74 என்று இரண்டு பட்டைகளை வரைவதே நேர்மை.