எட்டு மாதம், மூன்று நிமிடம்

கேமரா நிற்கும் இடம் – 9

மாதவரம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம், சோழவரம், காரனோடை என்று வடக்கே போனால் சாலையின் இருபுறமும் குடோன்கள்தான். புதிதாக ஒன்று கட்டுகிறவர், அது எழுந்த கதையை மூன்று நிமிட டைம்லாப்ஸ் படமாக வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் சதுர அடி, இரும்புச் சட்டம், மேலே ஷீட், எட்டு மாத வேலை. இந்த வாரம் அதற்கான திட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதைத்தான். இதற்கு ஒரே பதில் கிடையாது. பார்ப்பவர் கண்ணில் பட வேண்டிய மிகச் சிறிய அசைவு எது, அது எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதுதான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. இது புதிய சிந்தனையும் அல்ல. 1901-இல் நியூயார்க்கில் ஸ்டார் தியேட்டரை இடித்தபோது, எதிர்க்கட்டடத்தில் கேமராவை வைத்து, நாளுக்கு எட்டு மணி நேரம், நான்கு நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்தார்கள். செங்கல் செங்கலாகப் பிரிக்கும் வேலைக்கு அந்த இடைவெளி சரியாகப் பொருந்தியது.

நம் குடோனில் முதல் மூன்று மாதம் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டுவது, குழி எடுப்பது, அஸ்திவாரம் போடுவது. இதில் அசைவு மெதுவானது. கால் மணிக்கு ஒரு படம் போதும். பத்து மணி நேர வேலைக்கு நாளுக்கு 40 படம். மாதம் 26 வேலை நாள் என்றால் மூன்று மாதத்தில் 3,120 படம். நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் இரண்டு நிமிடம் வரும். அதிலிருந்து 40 நொடியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரும்பு நிறுத்தும்போது கதை மாறுகிறது. தரையில் கோத்து வைத்த ராஃப்டரை கிரேன் தூக்கி, தூணின் மேல் பொருத்தி, போல்ட் போட்டு விடுவிக்கச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்று வையுங்கள். கால் மணிக்கு ஒரு படம் எடுத்தால், ஒரு படத்தில் ராஃப்டர் மண்ணில் கிடக்கும், அடுத்ததில் தூணின் மேல் இருக்கும்; கிரேன் தூக்கியதே தெரியாது. நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் இருபது படம் கிடைக்கும், திரையில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்கு அது போதும். அப்படியானால் எட்டு மாதமும் இதைவிடவும் நெருக்கமாகவே எடுத்தால் என்ன என்று தோன்றும். 30 நொடிக்கு ஒன்று என்று 208 வேலை நாளும் எடுத்தால் இரண்டரை லட்சம் படம் சேரும். பல கேமராக்களின் ஷட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லட்சம் வரைதான் ஆயுள் சொல்கிறார்கள். அதனால் இரும்பு வேலை நடக்கும் வாரங்களுக்கு மட்டும் இடைவெளியைச் சுருக்கி, பிறகு விரித்துவிட வேண்டும்.

அடுத்து கேமராவின் இடம். சோழவரம் 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. மனையின் மூலையில் கம்பம் நட்டு, வடகிழக்கையோ வடமேற்கையோ நோக்கி கேமராவைத் திருப்பினால், அந்த மாதங்களில் காலையோ மாலையோ சூரியன் நேராகச் சட்டத்துக்குள் வந்து படத்தை வெளுக்க வைக்கும். தென் எல்லையின் நடுவில் நட்டு நேர் வடக்கே பார்த்தால் இந்தத் தொல்லை ஆண்டு முழுவதும் கிடையாது. விலை மட்டும் வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்: வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான். லென்ஸ் பெட்டிக்கு நீளமான தகர மறைப்பு இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கண்ணாடியில் நீர்த்துளிதான் படமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பகுதியில் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தவர்கள், பேட்டரிப் பெட்டியைக் கம்பத்தின் அடியில் வைக்க மாட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள்.

கம்பத்துக்கென்று தனி அஸ்திவாரம் வேண்டும். சாரத்திலோ, தொழிலாளர் கொட்டகையிலோ கட்டக் கூடாது; இரண்டும் ஒருநாள் பிரிக்கப்படும். கன்டெய்னர் டிரெய்லர் போகும் சாலையோரமும் வேண்டாம், அதிர்வு ஏறும். அதிர்வு இருக்கிறதா என்று அறிய ஒரு வழி: சட்டத்தின் ஓரத்தில், தொலைவில் உள்ள செல்போன் கோபுரம் ஒன்று விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரப் படங்களை வேகமாக ஓட்டும்போது அந்தக் கோபுரம் நடுங்கினால் கம்பம் ஆடுகிறது. கோபுரம் அசையாமல் நின்று வெளிச்சம் மட்டும் மினுங்கினால் கோளாறு கேமரா அமைப்பில்: வெளிச்ச அளவை ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே முடிவு செய்கிறது. அதைக் கையால் நிலைப்படுத்த வேண்டும். இந்தச் சோதனையை வாரந்தோறும் செய்தாக வேண்டும். எட்டாவது மாதத்தில் தெரியவந்தால் கட்டடத்தைப் பிரித்துக் கட்ட முடியாது.

இனி, பெரும்பாலான குடோன் படங்கள் தவறவிடும் கட்டம். கூரையும் சுவர் ஷீட்டும் ஏறியதும் வெளிக் கேமராவுக்கு ஒரு பெரிய பெட்டிதான் தெரியும். ஆனால் குடோனின் உயிரான தரை அதற்குப் பிறகுதான், உள்ளே போடப்படுகிறது. ஆகவே இரண்டாவது கேமரா உள்ளே வர வேண்டும், தூண் போல்ட்டுகள் இறுதியாக முறுக்கப்பட்ட பிறகு, ஏழு மீட்டர் உயரத்தில் ஒரு தூணில் கிளாம்ப் போட்டு. வெயிலுக்குப் பயந்து கான்கிரீட்டை இரவில் கொட்டுவதும் உண்டு. விளக்கொளி மாறாததால் கேமராவுக்கு அது வசதிதான். 20 நொடிக்கு ஒரு படம். எட்டு மணி நேரத்தில் 1,440 படம், திரையில் 58 நொடி. லாரி கொட்டுவது, ஆட்கள் பரப்புவது, மட்டம் பார்ப்பது, பிறகு டிரவல் இயந்திரம் சுற்றிச் சுற்றி மெழுகுவது எல்லாம் அதில் தெளிவாக வரும். சிமென்ட் தூசி மட்டும் கண்ணாடியில் படியும். தினமும் துடைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வர்ணனையை எழுதும்போது, திரையில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதீர்கள். "கிரேன் இரும்பைத் தூக்குகிறது" என்ற வரி வீண். படம் காட்ட முடியாததைச் சொல்வதுதான் வர்ணனையின் வேலை. கான்கிரீட் போட்டபின் ஏழு நாளாவது ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. அந்த ஏழு நாளில் திரையில் எதுவும் அசையாது, எடிட்டர் வெட்டிவிடுவார். அங்கே குரல் வர வேண்டும்: "இந்தத் தரையின் ஒவ்வொரு பகுதியும் ஒரே இரவில் போடப்பட்டது. அதன் பிறகு ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டு, யாரும் மேலே நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள்." மூன்று நிமிடப் படத்துக்கு இருநூறு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம்; ஒரு நிமிடமாவது குரல் இல்லாமல் ஓடட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் 30 மாடி ஓட்டல் 15 நாளில் எழுந்ததாகக் காட்டிய டைம்லாப்ஸ் 2012-இல் உலகமெங்கும் சுற்றியது. அஸ்திவாரம் முன்பே போடப்பட்டிருந்தது, தளங்களின் பாகங்கள் தொழிற்சாலையில் செய்து வந்தவை. பார்த்தவர்களில் பலர் மனதில் தங்கியது 15 நாள் என்ற எண் மட்டும்தான். நம் குடோனின் இரும்பும் வேறெங்கோ வெட்டி, பற்றவைத்து, டிரெய்லரில் வந்து இறங்குவதுதான். அதை வர்ணனையில் ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள். அந்தப் பட்டறையில் உழைத்தவர்களும் இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள்தான்.

கேமரா வாங்குவதற்கு முன் சைட் இன்ஜினீயரிடம் வேலை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு வரும் வாரத்தையும் தரை போடும் இரவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் லாரி கிராவல் வருவதற்கு முன்பே கம்பம் நிற்க வேண்டும். வெறும் மனையின் படம் பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது.

(தொடரும்)