எரித்துப் பார்த்து எழுதிய வாய்ப்பாடு

வைட்டமின் சி என்று நாம் சொல்லும் அஸ்கார்பிக் அமிலம் ஒரு வெள்ளைத் தூள். அதில் என்னென்ன அணுக்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை, அதை எரித்தே கண்டுபிடிக்கலாம். எரியும்போது அதிலுள்ள கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகும். ஹைட்ரஜன் முழுவதும் நீராவியாகும். இரண்டையும் தப்பவிடாமல் பிடித்து எடை போட வேண்டும்.

அந்தப் பிடிப்புதான் பெரும்பாடு. முன்பெல்லாம் வாயுவின் கனஅளவைத்தான் அளந்தார்கள். 1831இல் ஜெர்மனியின் கீசன் நகரில் யூஸ்டுஸ் லீபிக், ஐந்து குமிழ்கள் கொண்ட சிறு கண்ணாடிக் கருவியை உருவாக்கினார். உள்ளே பொட்டாஷ் கரைசல். கரியமில வாயு அதில் கரைந்துவிடும். கருவியின் எடை எவ்வளவு கூடியதோ, அவ்வளவுதான் வாயு. அதற்கு முன்னால் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். இந்த வரிசை மாறக் கூடாது. பொட்டாஷ் கரைசல் நீராவியையும் உறிஞ்சும் என்பதால், அதை முதலில் வைத்தால் நீரின் எடை வாயுவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது கணக்கு. 100 மில்லிகிராம் தூளை எரித்தால் 149.9 மில்லிகிராம் கரியமில வாயுவும் 40.9 மில்லிகிராம் நீரும் கிடைக்கும். கரியமில வாயுவின் 44 பங்கில் 12 பங்கு கார்பன். ஆகவே கார்பன் 40.9 மில்லிகிராம். நீரின் 18 பங்கில் 2 பங்கு ஹைட்ரஜன்; ஆகவே அது 4.54. மிச்சமுள்ள 54.56 மில்லிகிராம் ஆக்சிஜன். ஒவ்வொன்றையும் அதன் அணு எடையால், அதாவது 12, 1, 16 ஆகியவற்றால் வகுத்தால் 3.41, 4.54, 3.41 என்று வரும். விகிதம் 1 : 1.33 : 1. இந்த 1.33ஐ ஒன்று என்று முழுமையாக்கிவிடும் மாணவர்கள் உண்டு. அது தவறு; மூன்றால் பெருக்க வேண்டும். 3 : 4 : 3, அதாவது C3H4O3.

தூள் சரியாக உலரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நூறில் இரண்டு மில்லிகிராம் ஈரம் இருந்தாலே விகிதம் ஏறக்குறைய 1 : 1.40 : 1.03 என்று நகரும். அவசரப்பட்டவர் C5H7O5 என்று எழுதிவிடுவார். அதனால்தான், இனி எடை குறையவில்லை என்று உறுதியாகும்வரை தூளை உலர்த்தி உலர்த்தி எடை பார்க்கிறார்கள். ஆக்சிஜனை யாரும் நேரடியாக அளக்கவில்லை, கழித்துத்தான் எடுத்தோம் என்பதையும் மறக்கக் கூடாது. மற்ற இரண்டில் நேர்ந்த பிழை அத்தனையும் அதன் தலையில்தான் விழும். தூளில் நைட்ரஜன் இருந்தால் அதுவும் ஆக்சிஜனாகவே எண்ணப்படும்.

C3H4O3 என்பது விகிதம் மட்டுமே. மூலக்கூறில் எத்தனை அணுக்கள் என்பதை எரிப்பு சொல்லாது. அதற்கு மூலக்கூறு எடையைத் தனியாக அளக்க வேண்டும். அஸ்கார்பிக் அமிலத்துக்கு அது 176. C3H4O3இன் எடை 88. இரு மடங்காக்கினால் C6H8O6.