ஒரு சொல்லுக்கு 16,000 ரூபாய்

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி என் அக்கா வீடு. 41,500 ரூபாய்க்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கியபோது, பில் போடும் மேசையில் இருந்த பையன், "இன்னும் 3,600 கட்டினா மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா" என்றான். கம்பெனி வாரண்டி ஒரு வருடம். அது முடிந்தபின் இரண்டு வருடம் நீட்டிப்பு. அக்கா கட்டினாள். கைக்கு வந்தவை பில்லும், செல்போனில் ஒரு குறுஞ்செய்தியும்தான். விதிமுறைகள் அந்தக் குறுஞ்செய்தியில் இருந்த இணைப்புக்குள் இருந்தன. அதை யார் திறந்து படிக்கிறார்கள்?

மூன்றாவது கோடையில் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. புகார் கொடுத்ததும் டெக்னீஷியன் வந்தார். உள் யூனிட்டின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில், "காயில் அரிச்சுப் போச்சு மேடம். உப்புக்காத்து. அரிப்பு வாரண்டியில சேராது" என்றார். புதுக் காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து சுமார் 16,000 ரூபாய். வேண்டாம் என்றாலும் வந்து போனதற்கு 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590.

அவர் கேஸ் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. என்னை உறுத்தியது அதுதான்.

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். உள் காயிலின் செப்புக் குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கலாம், அது அரிப்புதான். ஆனால் செப்புக் குழாயும் யூனிட்டும் சேரும் இடத்தில் ஃபிளேர் நட் இருக்கும். கசிவு அங்கேயென்றால் அதற்கு அரிப்பு என்று பெயரில்லை. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் ஓடும், அதனால் கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப்பிசுக்கு தெரியும். காயிலின் தகடுகளில் வெள்ளை பூத்திருப்பதால் மட்டும் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று ஆகாது. கடலோர வீடுகளில் நன்றாக ஓடும் ஏ.சி.யிலும் அந்தப் பூச்சு இருக்கும்.

தெரு மெக்கானிக்கைக் கூப்பிட அக்கா துடித்தாள். நான் தடுத்தேன். வெளியாள் கை வைத்தால் திட்டம் செல்லாது என்பதும் அந்த விதிமுறைகளில் ஒரு விலக்கு. சோதனைக்காக அவர் ஒரு நட்டைக் கழற்றியிருந்தால், இருந்த உரிமையும் போயிருக்கும். அவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, வெளி யூனிட்டில் குழாய் சேரும் இடத்தை மட்டும் பார்த்தோம். கறுப்பு ஸ்பாஞ்சு உறை எண்ணெயில் ஊறியிருந்தது. படம் எடுத்து வைத்தோம்.

ஜாப் ஷீட்டில் "அரிப்பு" என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது. அக்கா கையெழுத்துப் போடாமல், கசிவு எந்த இடத்தில், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று எழுதித் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினாள், படத்தையும் இணைத்தாள். இரண்டாவது ஆள் நைட்ரஜன் சிலிண்டரோடு வந்தார். குமிழி வந்தது ஃபிளேர் நட்டில்.

அடுத்த மறுப்பு உடனே வந்தது: "பொருத்தியதில் தவறு, அதுவும் சேராது." இங்கே அக்காவைக் காப்பாற்றியது ஒரு பழைய காகிதம். ஏ.சி.யை மாட்டியதற்கு அதே கடை கொடுத்த பில். ஏ.சி.யை விற்றதும், மாட்டியதும், நீட்டித்த வாரண்டியை விற்றதும் ஒரே கடை. தன் ஆளின் வேலையைக் காட்டி அது எப்படிக் கைகழுவ முடியும்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தபின் பேச்சின் தொனி மாறியது. அந்த உதவி மையம் தீர்ப்பு சொல்லாது, கம்பெனியிடம் புகாரைக் கொண்டு போகும், அவ்வளவுதான். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். விலக்குகளை விற்கும்போதே வாங்குபவருக்குச் சொல்லவில்லை என்பது அங்கே வலுவான வாதம். சொல்லாத விலக்கைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அது காப்பீட்டு வழக்கு, வாரண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நியாயம் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

ஏ.எம்.சி. எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. உதிரிபாகம், கேஸ் எல்லாம் சேர்ந்தது ஒரு வகை. கழுவித் துடைத்து வேலை மட்டும் செய்து, பாகத்துக்குத் தனியாகக் காசு வாங்குவது இன்னொரு வகை. இரண்டையும் ஏ.எம்.சி. என்றே விற்கிறார்கள். "கேஸ் போட்டா யார் காசு, மறுத்துட்டா விசிட் சார்ஜ் உண்டா" என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிவிடலாம்.

கடைசியில் அக்காவுக்கு நட்டை மாற்றி, குழாயை வேக்கம் செய்து, வெளி யூனிட் தகட்டில் எழுதியிருந்த எடைக்குக் கேஸை நிறுத்து நிரப்பினார்கள். காசு வாங்கவில்லை. முதல் நாள் வாங்கிய 590 ரூபாய் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதற்கான மின்னஞ்சலை அவள் வாரம் ஒருமுறை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.