பட்டன் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறதா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் சென்னையின் டயர் கடைகளில் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். உணவு டெலிவரி செய்யும் ஒருவர் வண்டியை நிறுத்துகிறார். “பின்னாடி மட்டும் மாத்துங்கண்ணே, முன்னாடி பட்டன் அப்படியே இருக்கு” என்கிறார். கடைக்காரர் குனிந்து முன் டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறார். “பட்டன் இருக்கு தம்பி. ரப்பர்தான் இல்ல.”

அன்று நான் பார்த்த வண்டி, ஒரு வீட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய 100 சிசி பைக். முந்தைய சொந்தக்காரர் ஆபீசுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் எடுத்துப்போனவர். அதனால் முன் டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் டயரின் பக்கவாட்டில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் 3418 என்ற நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2018ஆம் ஆண்டின் 34ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம், ஆலையிலிருந்து வெளிவந்த டயர். வெயிலிலும் காற்றிலும் இத்தனை வருடம் நின்றதில் ரப்பரிலுள்ள எண்ணெய்ப் பசை போய், நகம் பதியாத அளவுக்கு இறுகிவிட்டது. பள்ளங்களின் அடியில் முடி போல வெடிப்புகள் ஓடின.

மழையில் ஆளைத் தள்ளுவது பெரும்பாலும் இந்த டயர்தான். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் ஆடும், அனுபவமுள்ளவர் பிரேக்கை விட்டு நிமிர்த்திவிடுவார். முன் டயர் வழுக்கினால் அதற்கு நேரமே கிடையாது, ஹேண்டில் மடிந்து ஆள் கீழே கிடப்பார். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கு. ஆனால் செலவு என்று வரும்போது அதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது, கண்ணுக்கும் அதுதான் தெரிகிறது.

தார்ச்சாலை வழவழப்பான பரப்பு அல்ல. ஜல்லியின் நுனிகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. மென்மையான ரப்பர் அந்த நுனிகளைச் சுற்றி அமுங்கி, பற்றிக்கொள்கிறது. மழை பெய்ததும் நுனிகளுக்கு மேல் ஒரு நீர்ப்படலம் படிகிறது. டயரின் பள்ளங்கள் நீரை ஓரத்துக்கு வெளியேற்றித் தர வேண்டும், ரப்பர் மிச்சமுள்ள ஈரத்தைக் கிழித்துக்கொண்டு ஜல்லியைத் தொட வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை. பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகியிருந்தால், தண்ணீர் வெளியேறும், பிடிப்பு வராது.

தண்ணீரின் மேல் டயர் மிதந்து வழுக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நகரத்தில் பைக்குக்கு அது அபூர்வம். 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கண்டறிந்த கணக்கின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 28 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அது ஏறக்குறைய மணிக்கு 88 கிலோமீட்டர். பைக் டயர் வளைந்தும் குறுகியும் இருப்பதால் நீரை இன்னும் எளிதாகப் பிளந்து செல்லும். வேளச்சேரியிலோ தி.நகரிலோ யார் அந்த வேகத்தில் போகிறார்கள்? ஆனால் காற்று 15க்கு இறங்கிவிட்டால் அதே கணக்கு 64க்கு வந்துவிடும். “மழையில் காற்றைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா கிரிப் வரும்” என்று பங்க் அருகே சொல்பவர்களின் அறிவுரையை அங்கேயே விட்டுவிடலாம். மண்ணிலும் மணலிலும் செல்லுபடியாகும் யோசனை அது, ஈரத் தாரில் செல்லாது.

இதற்கு நேரெதிரான பழக்கமும் உண்டு. பஞ்சர் குறையும், மைலேஜ் கூடும் என்று முன்னும் பின்னும் 35, 40 வைப்பவர்கள். அப்போது டயர் உருண்டையாக நின்று தரையைத் தொடும் இடம் சுருங்கிவிடுகிறது, மேடு பள்ளத்தில் துள்ளுகிறது. கம்பெனி சொல்லும் அளவே போதும். ஆக்டிவா ஸ்கூட்டருக்கு முன்னால் 22, பின்னால் ஓட்டுபவர் மட்டும் என்றால் 29, இருவர் என்றால் 36. உங்கள் வண்டியின் அளவு, கையேட்டிலோ வண்டியிலுள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். உணவுப் பை மட்டும் சுமப்பவர் ஒருவருக்கான அளவிலேயே ஓட்டலாம். மளிகையும் தண்ணீர் பாட்டில்களுமாக ஏற்றுபவர் இருவருக்கான அளவை நோக்கி நகர வேண்டும். இந்த அளவுகளெல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதற்கானவை. இரண்டு மணிநேரம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும் டயரில் பங்கில் அளந்தால் நிஜத்தைவிட மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றோடுதான் கிளம்புவீர்கள். சில நூறு ரூபாயில் கையளவு மீட்டர் கிடைக்கிறது. வாரம் இருமுறை வீட்டு வாசலில், வண்டியை எடுக்கும் முன் பார்த்துவிட்டால் போதும்.

அடுத்தது பின் டயர். டெலிவரி செய்பவர் நாள் முழுக்க நேராகவே ஓட்டுகிறார், வளைவு குறைவு. அதனால் டயரின் நடுப்பட்டை தேய்ந்து தட்டையாகிறது. ஓரத்துப் பட்டன்கள் புதிதுபோல் நிற்கும், நடுவில் கை வைத்தால் பலகை போலிருக்கும். ஓரத்தைப் பார்த்து “இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று சொல்லிவிடுவார்கள். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய இடம் நடுவேதான், அளக்க வேண்டியதும் அங்கேதான். டயரின் பக்கச் சுவரில் ஒரு சிறு முக்கோணமோ, டி.டபிள்யு.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது என்று பொருள். வெயில் காலத்துக்கு அது கடைசி எல்லை. மழைக்கு அந்த எல்லைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 3,000 கிலோமீட்டர். மார்ச் ஒன்றாம் தேதி போட்ட பின் டயரின் நடுப்பள்ளம் ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்கிறது. ஆகஸ்ட் முடிவில் 2.4 மிஞ்சும், செப்டம்பர் முடிவில் 1.8. மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். அந்த மூன்று மாதத்தில் இன்னும் 1.8 தேயும், அதாவது கிறிஸ்துமஸ் வாரத்தில் டயர் மொட்டை. செப்டம்பரிலேயே மாற்றினால் வீணாவது என்ன? மேட்டின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஓட்டக்கூடிய ஐந்தில் 0.8 மட்டும். 2,000 ரூபாய் டயரில் 320 ரூபாய். ஒரு முறை கீழே விழுந்தால் இண்டிகேட்டரும் பிரேக் லீவரும் மாற்றவே இந்தக் காசு பத்தாது. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் நாட்களின் கணக்கு வேறு.

செப்டம்பர் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அச்சிலிருந்து வந்த புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். அது சொரசொரப்பாகச் சுமார் 150 கிலோமீட்டர் ஆகும். கொட்டும் மழையில் கடையில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்த உடனே வண்டியைச் சாய்த்துத் திருப்புவது புது ஆபத்து. வாட்டர் சர்வீஸ் முடித்து டயர் மினுமினுக்க பாலிஷ் அடித்துத் தருகிறார்கள் அல்லவா, அது தரையைத் தொடும் இடத்தில் பட்டாலும் இதே கதிதான். “டயருக்கு வேணாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த டயர் வாங்குவது? அதிகக் கிலோமீட்டர் ஓடும் என்று விற்கப்படுபவை பொதுவாக இறுகலான ரப்பர். வெயிலில் லாபம், ஈரத்தில் பிடிப்பு குறைவு. என் கணக்கில் பின்னால் அந்த வகையைப் போடலாம், முன்னால் போடக்கூடாது. மாதம் 3,000 ஓடுபவருக்குப் பின்னால் இரண்டு டயர் தேயும் காலத்தில் முன்னால் ஒன்றுதான் தேயும். அந்த ஒன்றுக்கு ஈரப் பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மென்மையான ரப்பராக, கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால், கிலோமீட்டருக்குச் சில பைசாதான் கூடும். மழைக்கென்று கொட்டைக் கொட்டையான பட்டன் டயரைத் தேடுகிறவர்களும் உண்டு. அது சேற்றுக்கானது. தாரில் அதன் கட்டைகளுக்கு நடுவே வெறும் இடைவெளிதான் அதிகம், தரையைத் தொடும் ரப்பர் குறைவு.

அளவை மாற்றாதீர்கள். பல 100 சிசி பைக்குகளில் 80/100-18 என்ற அளவு வருகிறது. அகலமாகப் போட்டால் கெத்தாகத்தான் இருக்கும். குறுகிய ரிம்மில் அது பிதுங்கி, வடிவம் கெட்டு, திருப்பத்தில் ஓரம் சரியாக உட்காராது. அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைத் திறன். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ தாங்கும், 54 என்றால் 212. கடையில் ஒரே அளவில் இரண்டும் இருக்கும். பின்னால் குறைந்த எண் போட்டுவிட்டால் பிரச்சினை சட்டென்று தெரியாது, மெல்லத்தான் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் டயரில் மட்டும் கூடுதல் கவனம். மொட்டையான டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, புதுசுபோல் விற்பது உண்டு. அப்படி வெட்டியதில் பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய ரப்பர் மேட்டைக் காணமுடியாது, அதையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். பள்ளத்தின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், சில இடத்தில் அடியில் நூல் தெரியும்.

இத்தனையும் செய்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, ஜீப்ரா கோட்டின் பெயிண்ட், இவற்றின் மேல் மழைத்துளி விழுந்தால் எந்த டயரும் பற்றாது. அங்கே ரப்பர் பிடிக்க ஜல்லி நுனிகளே இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த சிறு வண்டிகளில் பிரேக்கை இரு சக்கரத்துக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, அதன் மேல் பிரேக்கையும் தொடாமல் ஆக்ஸிலேட்டரையும் முறுக்காமல் கடக்க வேண்டும். மாலையில் முதல் தூறல் விழும் அரை மணி நேரத்தில் எண்ணெயும் தூசும் குழைந்து, தாரும் ஏறக்குறைய இந்தத் தகடு மாதிரிதான் இருக்கும். பெருமழை கழுவியபின் பிடிப்பு ஓரளவு திரும்பும்.

மழையில் பஞ்சரும் கூடும். ஈரம் கண்ணாடிச் சில்லுக்கு வழவழப்புக் கொடுத்து ரப்பருக்குள் எளிதாக இறங்கவிடுகிறது. டியூப் டயரென்றால் காற்று சட்டென்று இறங்கும், டியூப்லெஸ்ஸில் மெல்ல. அதனால் டியூப்லெஸ் வைத்திருப்பவர் வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் நான்கைந்து குறைந்திருந்தால் ஆணியைத் தேட வேண்டும். நடுப்பட்டையில் குத்தியிருந்தால் ஒட்டித் திரும்ப ஓட்டலாம். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம், டயரை மாற்றிவிடுங்கள்.