கைக்கு வந்த நியமனக் கடிதம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கும் வார்த்தை. அந்தக் 'கோறணமேந்து' உத்தியோகம் சென்ற மாதம் என் நண்பர் ஒருவருக்குக் கிடைத்தது. செய்தி அறிந்ததும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையிலுள்ள அவர் இல்லத்துக்குச் சென்றேன். நியமனக் கடிதம் சுவாமிப் படத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. "தம்பி, இனி எனக்கொரு குறையும் இல்லை" என்று கூறி, அவருடைய தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

முன்னாளில் எழுதுவினைஞர் சேவை என வழங்கியதே இன்று முகாமைத்துவ சேவை எனப்படுகின்றது. அதற்கான போட்டிப் பரீட்சை அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும். வெள்ளிக்கிழமைதோறும் அதனைத் தேடிப் படிப்பது நண்பருடைய ஏழாண்டு வழக்கம். முதன்முறை உளச்சார்பு வினாத்தாளில் நேரம் போதாமல் தவறினார். இரண்டாம் முறை சித்தியடைந்தார்; ஆனால், வெற்றிடங்கள் புள்ளி வரிசைப்படி நிரப்பப்பட்டபோது அவருடைய முறை வரவில்லை. பரீட்சையில் சித்தியடைவது வேறு, பதவி பெறுவது வேறு என்பதை அன்றுதான் வீட்டார் உணர்ந்தனர்.

மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது வயதெல்லைக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. பெறுபேறும் நேர்முகமும் தாமதித்ததனால், அழைப்பு வருமுன்னரே வயதெல்லை கடந்துவிட்டது. தாயார் நம்பிக்கை இழந்தார். எனினும், வயது கணக்கிடப்படுவது நியமன நாளிலன்று. அறிவித்தலிற் குறித்த விண்ணப்ப முடிவுத் திகதியிலேயே. அந்த ஒரு வரிதான் நண்பரைக் காத்தது.

காப்பி அருந்தியபின் கடிதத்தை இருவருமாக வாசித்தோம். தகுதிகாண் காலம் மூன்றாண்டு. அதற்குள் வினைத்திறன் காண் தடைதாண்டற் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். குறித்த காலத்துக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும். இவை நிறைவேறிய பின்னரே உத்தியோகம் உறுதியானது எனலாம். மொழி பற்றிய வாசகத்தைக் கண்டதும் நண்பர் சற்றே முகம் சுளித்தார். அப்பொழுது நான் அவருக்குச் செல்லையா கோடீஸ்வரனின் கதையைக் கூறினேன்.

கோடீஸ்வரன் 1952இல் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். அவர் சேரும்போது சிங்களத் தேர்ச்சி பற்றிய நிபந்தனை இருந்ததில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1961இல் திறைசேரி விடுத்த சுற்றறிக்கை, முன்னரே சேவையிலிருந்த தமிழ் உத்தியோகத்தரும் சிங்களப் பரீட்சையில் தேறாவிடில் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றது. அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருடைய ஏற்றம் நிறுத்தப்பட்டது.

சட்டமே செல்லாது, ஆகவே சுற்றறிக்கையும் செல்லாது என்று அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1964இல் தீர்ப்பு அவர் பக்கம் கிடைத்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடாமலே, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட இயலாது எனக் கூறி வழக்கைத் தள்ளியது. அவர் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். உழைத்த சம்பளம் அரசு கொடுக்கவேண்டிய கடன், அதற்காக வழக்காடலாம் என்று 1969 டிசம்பரில் அங்கே தீர்ப்பாயிற்று. மொழிக் கேள்வி மட்டும் மீண்டும் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அக்கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை.

"அப்படியானால் இந்த நிபந்தனையும் அதுதானே?" என்றார் நண்பர்.

அன்று என்றேன். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் மற்றைய மொழியையும் கற்கவேண்டும் என்பது விதி. உம்முடன் அதே நாளில் நியமனம் பெற்ற சிங்கள இளைஞனும் தமிழ்ப் பரீட்சைக்கு அமரவேண்டும். அன்றைய நிபந்தனை ஒரு பக்கத்தார்மீது மட்டும், அதுவும் சேர்ந்த பின்னர், சுமத்தப்பட்டது. இன்றையது இரு பக்கத்தார்க்கும் பொது, சேரும்போதே கடிதத்தில் உள்ளது. விதி ஏட்டில் இருக்குமளவு கந்தோரில் இல்லை என்பதும் மெய்யே. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி பெற்ற அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. அந்த மேசைக்கு இனி நீர் போகிறீர்.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு கடிதத்தை எடுத்து, பிரதி எடுக்கவென்று ஒரு கோவைக்குள் வைத்தார். புறப்படும்போது வாசல்வரை வந்து, "சிங்கள வகுப்பு வெள்ளவத்தையில் எங்கே நடக்கின்றது?" என்று கேட்டார்.

கையைப் பற்றி, "வாழ்த்துக்கள்" என்றேன்.