பிங் நன்றாக இருந்தும் ஆட்டம் திக்குவது ஏன்?

சென்னையில் ஆடும் ஒருவரின் ஸ்கிரீன்ஷாட் மூலையில் மூன்று விவரங்கள்: Ping 38 ms, Packet Loss 6%, Region Mumbai. சர்வர் மும்பையில் இருக்கிறது. தகவல் போய்த் திரும்ப 38 மில்லிசெகண்ட் என்பது நல்ல வேகம். ஆகவே தூரம் காரணமல்ல. கோளாறு நடு எண்ணில்தான்: நூறு பாக்கெட்டுகளில் ஆறு வழியிலேயே தொலைகின்றன. அதனால்தான் எதிராளி உறைந்து நின்று, சட்டென்று வேறிடத்தில் தோன்றுகிறார். பிங் மட்டும் அதிகமென்றால், எல்லாம் ஒரே சீராகத் தாமதமாகும்.

எங்கே தொலைகிறது என்றறிய, விண்டோஸில் ரூட்டர் முகவரியைச் சோதிக்கலாம். பல வீடுகளில் அது இதுதான்:

```
ping -n 100 192.168.1.1
```

இங்கேயே Lost எண் ஏறினால், பெரும்பாலும் வைஃபைதான் காரணம். லேன் கேபிளில் இணைத்து மறுபடி பாருங்கள். இழப்பே இல்லையென்றால் கோளாறு ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு முடிவுகளையும் காட்டி இணைய நிறுவனத்திடம் புகார் செய்யலாம்.